தோல்விகளை எண்ணுதல்: ஒரு டென்னிஸ் புதிரும் இரண்டாம் பரிசின் வரலாறும்

1025 டென்னிஸ் வீரர்கள் ஒரு தொடரில் பங்கேற்கிறார்கள். ஆட்டத்தில் தோற்றவர் அத்துடன் வெளியேற வேண்டும். வென்றவர் அடுத்த சுற்றுக்குச் செல்வார். ஒரு சுற்றில் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், இணை கிடைக்காத ஒருவர் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போவார். வாகையர் யார் என்று தெரிவதற்குள் மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடந்திருக்கும்?

கணிதவியலாளர் பால் ஹால்மோஸ் 1968இல் வெளியான ஒரு கட்டுரையில் இந்தப் புதிரை எடுத்தாண்டார். கணிதத்தைப் படைப்புக் கலையாகப் பார்க்கும் அந்தக் கட்டுரையில், கணித மனம் எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு இது ஓர் எளிய சான்று. பெரும்பாலோர் முதலில் சுற்றுவாரியாகக் கணக்கிடத் தொடங்குவார்கள். முதல் சுற்றில் 512 ஆட்டங்கள், ஒருவர் எஞ்சுகிறார். அடுத்த சுற்றுக்கு 513 பேர். 256 ஆட்டங்கள், மீண்டும் ஒருவர் எஞ்சுகிறார். பிறகு 257 பேர், 128 ஆட்டங்கள். இப்படியே இறங்கி வந்தால் 64, 32, 16, 8, 4, 2, 1 என்று ஆட்டங்கள் குறைகின்றன. கடைசியில் இருவர் எஞ்ச, இன்னும் ஓர் ஆட்டம். எல்லாவற்றையும் கூட்டினால் 1024.

விடை சரி. ஆனால் கூட்டி முடித்த பிறகும் அது ஏன் 1024 என்பது விளங்குவதில்லை. இன்னொரு வழியில் பார்த்தால் கூட்டலே தேவைப்படாது. ஒவ்வோர் ஆட்டமும் ஒருவரை, ஒரே ஒருவரை மட்டும், வெளியேற்றுகிறது. வாகையரைத் தவிர ஏனைய 1024 பேரும் வெளியேறியாக வேண்டும். ஆகவே 1024 ஆட்டங்கள். வீரர்கள் n பேர் என்றால் ஆட்டங்கள் n − 1.

இந்த இரண்டாம் விடை விரைவானது என்பதற்காக மட்டுமே புதிர்த் தொகுப்புகளில் இடம்பெறுகிறது. அதன் உண்மையான ஆற்றல் வேறொன்று. வென்றவர்களைப் பின்தொடர்ந்து சென்ற பார்வையைத் தோற்றவர்கள் பக்கம் திருப்பியதும், வெளியேற்றுத் தொடர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்ற இரண்டும் ஒருசேரத் துலங்குகின்றன. அந்தச் சொல்லாமல் விட்ட பகுதிக்கு ஒரு வரலாறு உண்டு. அது விம்பிள்டன் புல்தரையில் தொடங்கி, ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு கணித ஆசிரியர் வழியாக, போரில் அழிந்த லுவோவ் நகரக் கணிதப் பள்ளிக்குச் சென்று, 1964இல்தான் முடிவுக்கு வருகிறது.

1877: இருபத்திரண்டு பேர்

விம்பிள்டனின் முதல் தொடர் 1877 ஜூலையில் நடந்தது. பட்டியலில் இருந்தவர்கள் 22 பேர். முதல் சுற்றில் 11 இணைகள். அவர்களுள் ஒருவர் களத்துக்கு வரவில்லை. அவருடைய எதிராளி ஆடாமலேயே வென்றவராக அறிவிக்கப்பட்டார். இரண்டாம் சுற்றுக்கு வந்தவர்கள் 11 பேர். 5 ஆட்டங்கள், ஒருவருக்கு ஆட்டமில்லா முன்னேற்றம். அடுத்த சுற்றில் 6 பேர், 3 ஆட்டங்கள். அரையிறுதிக்கு 3 பேர் எஞ்சினர். ஸ்பென்சர் கோர் என்பவரும் சி. ஜி. ஹீத்கோட் என்பவரும் மோத, வில்லியம் மார்ஷல் ஆடாமலேயே இறுதிக்குச் சென்றார். இறுதியாட்டத்தில் கோர் மார்ஷலை வென்று முதல் விம்பிள்டன் வாகையரானார்.

11, 5, 3, 1, 1 ஆகியவற்றைக் கூட்டினால் 21. இரண்டாம் வழியில் 22இலிருந்து 1ஐக் கழித்தாலும் 21. அன்றைய அட்டவணை இன்றைய கண்களுக்கு ஒழுங்கற்றதாகத் தெரியும். ஆட்டமில்லா முன்னேற்றங்களை முதல் சுற்றிலேயே முடித்துவிட்டு, பின்வரும் சுற்றுகளில் 16, 8, 4, 2 என்று சீராக இறங்கும் முறை அன்று இல்லை. அரையிறுதியில் மூவர் நிற்கும் நிலை அதனால்தான் நேர்ந்தது. எனினும் கணக்குக்கு இந்த ஒழுங்கின்மை ஒரு பொருட்டே அல்ல. யார் எந்தச் சுற்றில் ஓய்வெடுத்தார் என்பதைப் பொறுத்து ஆட்டங்கள் முன்பின்னாக இடம் மாறும், மொத்தம் மாறாது. ஆட்டமில்லாமல் முன்னேறுபவரால் யாரும் வெளியேறுவதில்லை. ஆகவே அந்த முன்னேற்றம் எண்ணிக்கையில் சேர்வதும் இல்லை.

இந்த முடிவு எந்த நிபந்தனையின் மேல் நிற்கிறது என்பதையும் இதே எடுத்துக்காட்டு காட்டுகிறது. 21 என்பது வெளியேற்றங்களின் எண்ணிக்கை. வராத ஒருவரும் வெளியேறியவர்களுள் ஒருவர். ஆனால் அவரை வெளியேற்ற யாரும் மட்டையைத் தொடவில்லை. எனவே உண்மையில் ஆடப்பட்டவை 20 ஆட்டங்களே. ஆட்டங்களும் வெளியேற்றங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும் வரைதான் n − 1 என்ற விடை செல்லும். ஆடாமல் ஒருவர் விலகினாலோ, ஆடியும் ஒருவரும் விலகாவிட்டாலோ பொருத்தம் குலைகிறது. இரண்டாவது வகைக்கு இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்துத் தொடரே சான்று. 1871-72இல் நடந்த அதன் முதல் பருவத்தில் கிரிஸ்டல் பேலஸ் அணிக்கும் ஹிட்சின் அணிக்கும் நடந்த ஆட்டம் சமநிலையில் முடிய, இரண்டு அணிகளுமே அடுத்த சுற்றுக்கு அனுப்பப்பட்டன. அந்த ஆட்டம் எவரையும் வெளியேற்றவில்லை. ஒரு தொடரின் ஆட்டக் கணக்கு n − 1 உடன் பொருந்தாமல் போனால், தேட வேண்டியது இத்தகைய ஆட்டங்களைத்தான்: வெளியேற்றாத ஆட்டம், ஆட்டமில்லா வெளியேற்றம்.

குறைவதற்கு இடமில்லை

தோல்விகளை எண்ணும் பார்வை இன்னொரு படி மேலே செல்கிறது. வழக்கமான சுற்று அட்டவணையை மறந்துவிட்டு, யாரை யாருடன் வேண்டுமானாலும், எந்த வரிசையிலும் மோதவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். 22 பேரில் முதல்வர் யார் என்று ஐயமின்றிக் கண்டறிய 21க்கும் குறைவான ஆட்டங்கள் போதுமா?

போதா. 20 ஆட்டங்கள் நடந்தால் அதிகபட்சம் 20 பேர்தான் தோற்றிருக்க முடியும். குறைந்தது இருவர் ஒரு முறைகூடத் தோற்காமல் நிற்பார்கள். அவர்களுள் எவர் சிறந்தவர் என்று சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆகவே வெளியேற்றுத் தொடர் 21 ஆட்டங்களில் முடிகிறது என்பதோடு நில்லாமல், எந்த முறையாலும் அதற்குக் குறைவாக முடிக்க இயலாது என்பதும் உறுதியாகிறது. முதல்வரைக் கண்டறியும் பணியில் வெளியேற்றுத் தொடர் ஓர் ஆட்டத்தைக்கூட வீணாக்குவதில்லை.

வீணாக்காததன் விலையும் இங்கேதான் இருக்கிறது. தோற்ற ஒவ்வொருவரைப் பற்றியும் அந்தத் தொடர் ஒரே ஒரு தோல்வியை மட்டும் பதிவு செய்கிறது. ‘இவர் முதல்வர் அல்லர்’ என்று சொல்ல அந்த ஒரு தோல்வி போதும். ‘இவர் இரண்டாமவர் அல்லர்’ என்று சொல்ல அது போதாது.

இரண்டாம் பரிசு யாருக்கு?

1877இல் கோர் வென்ற பிறகும் தொடர் முடியவில்லை. இறுதியில் தோற்ற மார்ஷலுக்கும் அரையிறுதியில் தோற்ற ஹீத்கோட்டுக்கும் இரண்டாம் இடத்துக்காக மேலும் ஓர் ஆட்டம் நடந்தது. மார்ஷல் வென்றார். இரண்டாம் பரிசின் மதிப்பு 7 கினி, மூன்றாம் பரிசு 3 கினி. அந்த ஆட்டத்தின் நியாயம் வெளிப்படை. மார்ஷல் தோற்றது கோரிடம். ஹீத்கோட் தோற்றதும் கோரிடம்தான். ஒருவர் முன்னால் தோற்றார், மற்றவர் பின்னால் தோற்றார் என்பதே வேறுபாடு. அதுகூட மார்ஷலுக்கு அரையிறுதியில் ஆட்டமில்லா முன்னேற்றம் கிடைத்ததால் வந்த வேறுபாடு. இந்த ஹீத்கோட் வெறும் போட்டியாளர் மட்டும் அல்லர். அத்தொடருக்கான விதிகளை வகுத்த மூவருள் ஒருவர் என்பதும் கவனத்துக்குரியது.

ஆனால் அதே நியாயத்தை இன்னும் சற்று நீட்டினால் என்ன ஆகும்? கோர் வாகை சூடுவதற்கு ஐந்து பேரை வென்றார்: முதல் சுற்றில் கில்சன், இரண்டாம் சுற்றில் ஹாங்கி, காலிறுதியில் லாங்ஹம், பின்னர் ஹீத்கோட், இறுதியில் மார்ஷல். ஐவருக்கும் அத்தொடரில் ஒரே ஒரு தோல்வி. ஐவரும் தோற்றது வாகையரிடம். வெளியேறிய மற்ற 16 பேரும் கோர் அல்லாத வேறொருவரிடம் தோற்றவர்கள். ஆகவே அவர்களுக்கு மேலே குறைந்தது இருவர் இருப்பது உறுதி, அவர்கள் இரண்டாமவராக முடியாது. இந்த ஐவரைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல வழியில்லை. முதல் சுற்றிலேயே வீடு திரும்பிய கில்சன் அன்றைய இங்கிலாந்தின் இரண்டாம் சிறந்த ஆட்டக்காரராக இருந்திருக்கலாம். இல்லை என்று மறுப்பதற்கு அந்தத் தொடரின் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. ஐவரில் இருவருக்கு இடையே மட்டும் ஆட்டம் நடந்தது. மூவரிடம் கேட்கப்படவே இல்லை.

1883: டாட்ஜ்சனின் முறையீடு

இந்தக் குறையைப் பொதுவெளியில் கணிதமாக முன்வைத்தவர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் ‘ஆலிஸ்’ கதைகளை எழுதியவராக உலகம் அறிந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவர். 1870களில் குழுக்கள் வாக்களித்து முடிவெடுக்கும் முறைகளைப் பற்றிச் சிறு நூல்கள் எழுதினார். பலருடைய விருப்பங்களிலிருந்து ஒரு நேர்மையான வரிசையை எப்படிப் பெறுவது என்பது அவருக்குப் பழகிய கேள்வி. 1883இல் டென்னிஸ் தொடர்களில் பரிசு வழங்கும் முறையைப் பற்றி அவர் ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார்.

தாம் பார்வையாளராகச் சென்ற ஒரு தொடரில், தொடக்கத்திலேயே தோற்றுவிட்ட வீரர் ஒருவர், தம்மைவிட மிகவும் தாழ்ந்த ஆட்டக்காரர் என்று தாம் அறிந்த ஒருவர் இரண்டாம் பரிசைப் பெற்றுச் செல்வதைக் கண்டு புலம்பியதுதான் தம் கவனத்தை ஈர்த்தது என்று அவர் அதில் குறிப்பிடுகிறார். அந்தப் புலம்பலை அவர் எண்ணாக மாற்றினார். 32 பேர் ஆடும் தொடரில், உண்மையிலேயே இரண்டாம் சிறந்தவராக இருப்பவருக்கு இரண்டாம் பரிசு கிடைக்கும் வாய்ப்பு 31இல் 16 பங்கு மட்டுமே.

இதை எளிதில் சரிபார்க்கலாம். அட்டவணையை மேல்பாதி, கீழ்பாதி என 16 இடங்கள் கொண்ட இரு பாதிகளாகப் பிரிப்போம். ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஒருவர் இறுதிக்கு வருவார். சிறந்தவர் எப்போதும் வெல்வார் என்று கொண்டால், முதல்வர் தம் பாதியில் உள்ள அனைவரையும் வெளியேற்றிவிடுவார் அல்லது வெளியேறச் செய்வார். இரண்டாமவர் இறுதிக்கு வர வேண்டுமானால் அவர் எதிர்ப்பாதியில் இருக்க வேண்டும். முதல்வர் அமர்ந்த இடம் போக எஞ்சிய இடங்கள் 31. அவற்றுள் எதிர்ப்பாதியில் உள்ளவை 16. குலுக்கலில் இரண்டாமவருக்கு அந்த 16இல் ஒன்று விழுந்தால் பரிசு. எஞ்சிய 15இல் ஒன்று விழுந்தால் இல்லை. ஏறத்தாழ நாணயம் சுண்டுவதற்கு நிகரான நிலை. முதல் நால்வரும் தத்தமக்கு உரிய பரிசுகளைப் பெறும் வாய்ப்பு இதைவிட மிக மிகக் குறைவு என்பதையும் டாட்ஜ்சன் சுட்டினார்.

அவர் முன்வைத்த மாற்று, தோல்வியின் பொருளையே மாற்றியமைத்தது. ஒருவரைத் தோற்கடித்தவர் அவருக்கு மேலானவர். அந்த மேலானவரைத் தோற்கடித்தவரும் அவருக்கு மேலானவரே. ஒவ்வொரு வீரருக்கும் இப்படி மேலானவர்களின் பட்டியல் வளர்ந்துகொண்டே வரும். மூன்று பரிசுகள் என்றால், ஒருவருக்கு மேலே மூவர் இருப்பது தெரிந்த பிறகே அவர் வெளியேற்றப்பட வேண்டும். ஒரு தோல்வி ஒருவரை முதல் பரிசிலிருந்து மட்டுமே அகற்றும். மற்றப் பரிசுகளிலிருந்து அகற்ற மேலும் சான்று வேண்டும் என்பதே இதன் சாரம்.

இந்த வாதம் முழுவதும் ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது: வீரர்களுக்கு மாறாத ஒரு திறன்வரிசை உண்டு, மேலவர் கீழவரை எப்போதும் வெல்வார். மனிதர்கள் அப்படி ஆடுவதில்லை. இன்று தோற்றவர் நாளை வெல்லலாம். அ என்பவர் ஆவை வெல்ல, ஆ என்பவர் இயை வெல்ல, இ என்பவர் அவை வெல்லலாம். ஆனால் இந்த எடுகோள் டாட்ஜ்சனின் குற்றச்சாட்டை நலியச் செய்யவில்லை, வலுப்படுத்துகிறது. தற்செயலுக்கு இடமே இல்லாத ஓர் உலகில்கூட வெளியேற்றுத் தொடர் இரண்டாம் பரிசைத் தவறானவருக்குக் கொடுக்கிறது என்றால், குறை வீரர்களிடம் இல்லை; அட்டவணையில் இருக்கிறது.

லுவோவ், 1932

டாட்ஜ்சன் ஒரு திருத்தத்தை முன்வைத்தார். அது மிகக் குறைந்த ஆட்டங்களில் முடியுமா என்ற கேள்வியை அவர் தீர்க்கவில்லை. முதல்வரையும் இரண்டாமவரையும் ஐயமின்றிக் கண்டறியக் குறைந்தபட்சம் எத்தனை ஆட்டங்கள் வேண்டும்? அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் யூசெஃப் ஷ்ரையர். அன்று போலந்தில் இருந்த லுவோவ் நகரில் ஸ்டெஃபான் பனாக், ஹூகோ ஸ்டெயின்ஹவுஸ் ஆகியோரைச் சுற்றி வளர்ந்த கணிதப் பள்ளியைச் சேர்ந்தவர், 1909இல் பிறந்தவர். தொடர்களின் வெளியேற்று முறைகளைப் பற்றிய அவருடைய போலிஷ் மொழிக் கட்டுரை 1932இல் ‘மதேசிஸ் போல்ஸ்கா’ இதழில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 23ஐ ஒட்டியே இருக்கும்.

அவர் தந்த விடையை 1877இன் தொடரை வைத்தே விளக்கலாம். முதலில் வழக்கமான வெளியேற்றுத் தொடர்: 21 ஆட்டங்கள். அதன்பின் இரண்டாம் இடத்துக்கு உரிமை கோரக்கூடியவர்கள் வாகையரிடம் நேரடியாகத் தோற்றவர்கள் மட்டுமே. கோர் வென்றது ஐவரை. அந்த ஐவருக்கும் இடையே ஒரு சிறு வெளியேற்றுத் தொடர் நடத்தினால், அதே பழைய விதிப்படி, 4 ஆட்டங்கள். ஆக 25. விம்பிள்டனில் நடந்தவை 21உம், இரண்டாம் இடத்துக்கான ஓர் ஆட்டமும் சேர்ந்து 22. மூன்று ஆட்டங்கள் குறைவு.

பொதுவாகச் சொன்னால், இணை இணையாகச் சுருங்கும் அட்டவணையில் ஒவ்வொரு சுற்றும் எண்ணிக்கையைப் பாதியாக்குகிறது. எனவே வாகையர் அதிகபட்சம் ஆடும் ஆட்டங்கள், 2ஐ எத்தனை முறை பெருக்கினால் n-ஐ எட்டும் அல்லது தாண்டும் என்பதற்குச் சமம். 22 பேருக்கு அது 5. ஏனெனில் 2ஐ நான்கு முறை பெருக்கினால் 16, ஐந்து முறை பெருக்கினால் 32. இந்த எண்ணை k என்றால் மொத்த ஆட்டங்கள் (n − 1) + (k − 1), அதாவது n + k − 2.

இத்தனை ஆட்டங்கள் போதும் என்பது எளிது. இதைவிடக் குறைவாக முடியவே முடியாது என்று நிறுவுவதுதான் கடினம். ஷ்ரையர் அதையும் காட்டியதாக எண்ணினார்; அவருடைய நிறுவலில் குறை இருந்தது. பிழையற்ற நிறுவல் சோவியத் கணிதவியலாளர் எஸ். எஸ். கிஸ்லிட்சினிடமிருந்து 1964இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் லுவோவின் கணிதப் பள்ளியே அழிந்துபோயிருந்தது. ஷ்ரையர் 1943இல், நாஜி ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த த்ரோஹோபிச் நகரில் உயிரிழந்தார். தம் விடை சரியானது என்று முழுமையாக நிறுவப்பட்டதை அவர் காணவில்லை.

கீழ்வரம்பின் நிறுவல்

இந்தக் கீழ்வரம்பை இன்று எளிமையாக விளக்க முடிகிறது. அதன் அடித்தளம் தொடக்கத்தில் கண்ட அதே எண்ணம்தான்: ஓர் ஆட்டம், ஒரு தோல்வி. ஆகவே ஆட்டங்களுக்குப் பதிலாகத் தோல்விகளை எண்ணலாம்.

வாகையரைத் தவிர n − 1 பேரும் குறைந்தது ஒரு முறை தோற்றிருக்க வேண்டும். அது n − 1 தோல்விகள். வாகையர் நேரடியாகத் தோற்கடித்தவர்கள் k பேர் என்போம். அவர்களுள் இரண்டாமவரைத் தவிர மற்ற k − 1 பேரும் வாகையர் அல்லாத வேறொருவரிடமும் தோற்றிருக்க வேண்டும். இல்லையேல் அவர்கள் இரண்டாமவர் அல்லர் என்று சொல்ல முடியாது. அது கூடுதலாக k − 1 தோல்விகள். ஆக, தோல்விகள் குறைந்தது n + k − 2. ஒவ்வோர் ஆட்டமும் ஒரு தோல்வியையே தருவதால், ஆட்டங்களும் அவ்வளவே.

இனி எஞ்சியிருப்பது ஒரு கேள்வி. அட்டவணை வகுப்பவர் தந்திரமாகச் செயல்பட்டு k-ஐச் சிறியதாக்க முடியாதா? வாகையராக வரவிருப்பவரைக் கடைசியில் ஒரே ஓர் ஆட்டம் மட்டும் ஆடவைத்தால் k என்பது 1 ஆகிவிடுமே! நற்பேறு இருந்தால் ஆகும். ஆனால் வாகையர் யார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியாது. எந்த நிலையிலும் செல்லும் உறுதி வேண்டுமென்றால், முடிவுகள் அவருக்கு மிகவும் பாதகமாக அமையும் நிலையையே கணக்கில் கொள்ள வேண்டும்.

அந்தப் பாதகமான முடிவுகளை இப்படி அமைக்கலாம். தொடக்கத்தில் ஒவ்வொரு வீரரும் தாம் மட்டுமே அடங்கிய ஒரு குழுவின் தலைவர். இதுவரை தோற்காத இருவர் மோதும்போது, பெரிய குழுவின் தலைவர் வெல்வதாக வைப்போம். தோற்றவரின் குழு முழுவதும் வென்றவரின் குழுவில் சேரும். குழுக்கள் சமமெனில் எவர் வென்றாலும் சரி. தோற்காதவரும் முன்பே தோற்றவரும் மோதினால் தோற்காதவரே வெல்வார். குழு அளவில் மாற்றம் இல்லை. முன்பே தோற்ற இருவர் மோதினால், அதுவரையிலான முடிவுகளோடு முரண்படாத எந்த முடிவும் ஏற்கத்தக்கது. இப்போது வாகையரின் குழுவைப் பாருங்கள். தமக்குச் சமமான அல்லது தம்மைவிடச் சிறிய குழுவையே அவர் சேர்த்துக்கொள்கிறார். எனவே ஒவ்வொரு வெற்றியிலும் அவருடைய குழு அதிகபட்சம் இருமடங்கு ஆகலாம், அதற்கு மேல் வளராது. 1இல் தொடங்கிய அந்தக் குழு இறுதியில் n பேரையும் உள்ளடக்க வேண்டும். 22 பேரை எட்ட 1, 2, 4, 8, 16 என்று நான்கு வெற்றிகள் போதா, ஐந்தாவது தேவை. அட்டவணை எவ்வளவு தந்திரமாக வகுக்கப்பட்டாலும், அது ஐந்து பேரையாவது வாகையரிடம் நேரடியாகத் தோற்க வைக்கும் முடிவுகளுக்கு இடம் தந்தே தீரும். ஆகவே 22 பேருக்கு 25 ஆட்டங்களுக்குக் குறைவான எந்த முறையும் உறுதியளிக்க முடியாது.

கணினியியலில் இந்த முடிவு இன்றும் வாழ்கிறது. டொனால்ட் கனூத், வரிசைப்படுத்தலையும் தேடலையும் பற்றித் தாம் எழுதிய பெருநூலில், மிகக் குறைந்த ஒப்பீடுகளில் தேர்ந்தெடுக்கும் சிக்கலை டாட்ஜ்சனின் டென்னிஸ் கட்டுரையிலிருந்தே தொடங்குகிறார். வீரர்களின் இடத்தில் எண்களையும், ஆட்டங்களின் இடத்தில் ஒப்பீடுகளையும் வைத்தால், ஒரு பட்டியலின் மிகப் பெரிய எண்ணைக் காண n − 1 ஒப்பீடுகள். இரண்டாவது பெரிய எண்ணையும் சேர்த்துக் காண n + k − 2 ஒப்பீடுகள். டென்னிஸ் வீரர்களுக்குப் பொருந்தாத அந்த எடுகோள், மேலவர் எப்போதும் வெல்வார் என்பது, எண்களுக்கு முழுமையாகப் பொருந்துகிறது. டாட்ஜ்சனின் வாதம் தனக்கு மிகவும் உரிய களத்தை அடைந்தது, புல்தரையை விட்டு வெளியேறிய பிறகே.

விம்பிள்டன் உள்ளிட்ட பெருந்தொடர்கள் வேறொரு வழியைத் தேர்ந்தன. சிறந்தவர்கள் எனக் கருதப்படுபவர்களுக்குத் தரவரிசை கொடுத்து, முதலிருவரை அட்டவணையின் எதிரெதிர்ப் பாதிகளில் அமர்த்தும் முறை பின்னாளில் நிலைபெற்றது. 31இல் 16 என்ற குலுக்கலை அது ஒழிக்கிறது. ஆனால் இரண்டாமவர் யார் என்பதைத் தொடர் தொடங்கும் முன்பே ஊகித்துவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தொடர் கண்டறிய வேண்டியதைத் தொடருக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். ஊகம் தவறினால், கில்சனும் ஹாங்கியும் லாங்ஹமும் நின்ற அதே இடத்தில் இன்றும் ஒருவர் நிற்பார்: ஒரே ஒரு தோல்வி, அதுவும் வாகையரிடம், அதற்கு மேல் அவரைப் பற்றி எதுவும் சொல்லாத ஒரு பதிவேடு.